திண்ணைப் படத்தை மங்கலாக்க நான்கு வழிகள்: டெப்த் மேப் எங்கே தேவை, எங்கே தேவையில்லை

அத்தை ஒரு படத்தை அனுப்பி, 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டித் தரச் சொன்னார். பாட்டி திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் படம். திண்ணையின் இந்தக் கோடியில் உட்கார்ந்தபடி, போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து யாரோ எடுத்திருக்கிறார்கள். முகம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் போன் காமிரா என்பதால் எல்லாமே ஒரே தெளிவில் இருக்கிறது. பாட்டிக்குப் பின்னால் வரிசையாகப் போகும் மரத்தூண்கள், இரண்டாம் தூணில் தொங்கும் பிளாஸ்டிக் பை, தெருவில் நிற்கும் பைக், தெருமுனை வேப்பமரம் எல்லாம் பாட்டியோடு போட்டி போடுகின்றன. “பின்னாடி இருக்கறத கொஞ்சம் மங்கலாக்கிடுப்பா, பாட்டி மட்டும் தெரியட்டும்” என்றார் அத்தை.

இதைச் செய்ய நான்கு வழிகள் இருக்கின்றன. ஆளை வெட்டியெடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே அளவில் பிளர் செய்வது ஒன்று. மங்கிய பிரதியை மேலே வைத்து, கிரேடியன்ட் மாஸ்க்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது இன்னொன்று. படத்தைத் தூரவாரியாக நாலைந்து லேயராக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி அளவு கொடுப்பது மூன்றாவது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கறுப்பு-வெள்ளைச் சாம்பல் அளவில் சொல்லும் டெப்த் மேப் ஒன்றைத் தயாரித்து, அதைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய அளவில் மங்கலாக்கும் ஃபில்டரிடம் விடுவது நான்காவது. இந்த ஒரு படத்தில் நான்கையும் செய்து பார்த்தேன். எது எந்தப் படத்துக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னால், நிஜ லென்ஸ் என்ன செய்திருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். அதை வைத்துத்தான் மற்றவற்றை எடைபோட முடியும்.

இந்தப் படத்தின் காட்சிப் பரப்பு, ஃபுல் ஃப்ரேம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டுச் செங்குத்தாகப் பிடித்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். படத்தின் உயரம் 4000 பிக்சல். பாட்டி 2 மீட்டர் தூரத்தில் இருக்கிறார். அந்த இடத்தில் f/1.8 திறப்பில் எடுத்திருந்தால், ஃபோக்கஸ் தவறிய ஒரு புள்ளி எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் என்பதற்கான சூத்திரம் இது:

```
c = f² / (N × (s − f)) × |1 − s/z|
```

இங்கே f லென்ஸின் குவிய தூரம், N திறப்பு எண், s ஃபோக்கஸ் வைத்த தூரம், z நாம் பார்க்கும் பொருளின் தூரம். எல்லாம் மி.மீட்டரில். முதல் பாதியில் எண்களைப் போட்டால் 0.71 மி.மீ. வருகிறது. 36 மி.மீ. சென்சாரை 4000 பிக்சலாக விரித்தால் அது 79 பிக்சல். முடிவில்லாத் தூரத்தில் இருக்கும் பொருள் 79 பிக்சல் விட்டமுள்ள வட்டமாக மங்கும் என்று அர்த்தம்.

சூத்திரத்தின் இரண்டாம் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தூண் 3 மீட்டரில் இருக்கிறது, அதன் மங்கல் 26 பிக்சல். இரண்டாம் தூண் 4.5 மீட்டரில், 44 பிக்சல். மூன்றாம் தூண் 6 மீட்டரில், 53 பிக்சல். தெருமுனை வேப்பமரம் 30 மீட்டரில், 74 பிக்சல். பாட்டியிலிருந்து மூன்றாம் தூண் வரை உள்ள 4 மீட்டருக்குள்ளேயே மங்கல் 53-ஐத் தொட்டுவிடுகிறது. அடுத்த 24 மீட்டருக்குச் சேர்த்தே 21 பிக்சல்தான் கூடுகிறது. ஆளுக்குப் பக்கத்தில் மங்கல் சரசரவென்று ஏறி, போகப் போக அசையாமல் நின்றுவிடுகிறது.

முதல் வழிக்கு நியாயம் இங்கேதான் கிடைக்கிறது. ஆளை வெட்டிவிட்டு மற்றதை ஒரே அளவில் மங்கலாக்குவது பலர் கேலி செய்யும் முறை. ஆனால் ஆள் 2 மீட்டரில் நின்று, அவருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் 10 மீட்டருக்கு அப்பால் இருந்தால், நிஜ லென்ஸும் ஏறக்குறைய அதையேதான் செய்யும். 10 மீட்டரில் 63, முடிவில்லாத் தூரத்தில் 79. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கடற்கரையில் இடுப்புக்கு மேல் எடுத்த படம், மொட்டைமாடிச் சுவரோரம் நிற்கும் ஆள், வயல்வெளி முன்னால் எடுத்த அரைப்படம் ஆகியவற்றுக்கு டெப்த் மேப் போட்டு மெனக்கெட வேண்டாம். வெட்டுவதைச் சுத்தமாக வெட்டினால் போதும்.

நம் திண்ணைப் படத்தில் அது செல்லாது. பாட்டி உட்கார்ந்திருக்கும் தரை படத்தில் தெரிகிறது. அவரைச் சுற்றி ஒரு கோடு வெட்டி, கோட்டுக்கு வெளியே எல்லாவற்றையும் 79 பிக்சலுக்கு மங்கலாக்கியதும், அவர் தொடைக்குக் கீழே இருக்கும் சிமெண்ட் தரையும் புகையாகிவிட்டது. பாட்டி மேகத்தில் மிதப்பதுபோல் இருந்தார். ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தரையும் அவரைப்போலவே தெளிவாக இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னால் போகப்போக மங்க வேண்டும். தரை தெரியும் எந்தப் படத்துக்கும் படிப்படியான மங்கல் தேவைப்படுவது இதனால்தான்.

சரி, படிப்படியாக வேண்டுமென்றால் உடனே எல்லோர் கையும் போவது இரண்டாவது வழிக்கு. படத்தின் பிரதி ஒன்றை எடுத்து நன்றாக மங்கலாக்கு, லேயர் மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் இழு, முடிந்தது. சின்னத் திரையில் பார்த்தால் சரியாக வந்ததுபோலவே தோன்றும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முதல் தூணைப் பாருங்கள். அங்கே மாஸ்க் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். தெளிவான தூண் மூன்றில் இரண்டு பங்கும், மிக மங்கிய தூண் ஒரு பங்கும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். தூணின் ஓரம் கூர்மையாக அப்படியே இருக்கும், அதைச் சுற்றி ஒரு பனிமூட்டம் படர்ந்திருக்கும். கொஞ்சமாக மங்கிய ஓரம் வேறு, கூர்மையான ஓரத்தின்மேல் புகை பூசியது வேறு. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் லென்ஸ்மேல் வாசலின் தடவி எடுத்த படத்தின் சாயல் இதில் வரும். அது வேண்டுமென்றே செய்தால் அழகுதான், ஆனால் தூரத்தை அது காட்டாது. தரையில் கிரானைட், மணல், புல் மாதிரி நுணுக்கமான பரப்பு இருந்தால் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு மணலும் கூர்மையாகவே மிச்சமிருக்கும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழியான லேயர் வெட்டு உழைப்பு கேட்கும் வழி. உழைத்தால் பலன் தரும். வேப்பமரமும் தெருவும் ஒரு லேயர், மூன்றாம் தூண் ஒன்று, இரண்டாம் தூண் ஒன்று, முதல் தூண் ஒன்று, பாட்டி ஒன்று. மேலே கணக்குப் போட்ட அளவுகளைத் தனித்தனியாகக் கொடுத்துப் பின்னாலிருந்து முன்னால் அடுக்க வேண்டும். தூண்கள் மிக அழகாக வரும். முன்தூணின் மங்கிய ஓரம் பின்தூணின்மேல் இயல்பாக வழியும், நிஜ லென்ஸில் நடப்பது அதுதான். ஆனால் தரை கெட்டுவிடும். தரைக்கு ஒரு தூரம் என்று கிடையாது, அது தொடர்ந்து ஓடுகிறது. அதை நாலு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் படிக்கட்டுபோல் ஒரு கோடு தெரியும். மறைக்க ஓரத்தை மென்மையாக்கினால் அந்த இடத்தில் இரண்டாம் வழியின் பனிமூட்டம் வந்துவிடும். தரை தெரியாத படம், ஒன்றுக்குப்பின் ஒன்றாகத் தனித்தனிப் பொருள்கள் மட்டும் உள்ள படம் என்றால் லேயர் வெட்டுதான் என் முதல் தேர்வு. சுவரும் தரையும் கூரையும் ஓடும் படத்துக்கு நான்காவது வழிதான்.

டெப்த் மேப் என்றதும் பலர் தயங்குவது, அதை எங்கே போய் வாங்குவது என்றுதான். போனின் போர்ட்ரெய்ட் முறையில் எடுத்த படமாக இருந்தால் பல போன்கள் படக்கோப்புக்குள்ளேயே ஒரு மேப்பை வைத்திருக்கும். அத்தை அனுப்பியது வாட்ஸப் வழியாக வந்த சாதாரணப் படம், அதில் ஒன்றும் இல்லை. கையால்தான் வரைந்தேன். அது நினைப்பதைவிட எளிது, அதற்குக் காரணமான ஒரு வடிவியல் உண்மையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சூத்திரத்தை மறுபடி பாருங்கள். மங்கல் z-ஐப் பொறுத்து நேர்கோட்டில் மாறுவதில்லை, 1/z-ஐப் பொறுத்துத்தான் நேர்கோட்டில் மாறுகிறது. அதாவது மேப்பில் நாம் எழுத வேண்டியது தூரத்தை அல்ல, தூரத்தின் தலைகீழை. 1 மீட்டருக்கு 255, முடிவில்லாத் தூரத்துக்கு 0 என்று வைத்தால், எந்தத் தூரத்துக்கும் மதிப்பு 255-ஐ மீட்டரால் வகுத்தது. பாட்டிக்கு 128, மூன்று தூண்களுக்கும் 85, 57, 43 என்று வருகிறது. வேப்பமரத்துக்கு 9. இப்போது வடிவியல்: தரை சமதளமாக இருந்தால், தொடுவானக் கோட்டிலிருந்து ஒரு புள்ளி எத்தனை பிக்சல் கீழே இருக்கிறதோ, அதற்கு நேர் விகிதத்தில்தான் அந்தப் புள்ளியின் 1/தூரம் இருக்கும். ஆகவே தரைக்கு வேண்டியது வெறும் நேர்கோட்டு கிரேடியன்ட். எந்த மென்பொருளிலும் இருக்கும் சாதாரண கிரேடியன்ட் கருவி, தோராயமாக இல்லாமல் மிகச் சரியாக, தரையின் டெப்த் மேப்பை வரைந்துவிடும். பக்கச் சுவருக்கும் கூரைக்கும் இதே விதி. தட்டையான எந்தப் பரப்பும் ஒரு நேர் கிரேடியன்ட்.

தொடுவானக் கோட்டைக் கண்டுபிடிக்க, திண்ணையின் ஓரக்கோட்டையும் மேலே உத்தரத்தின் கோட்டையும் நீட்டினேன். இரண்டும் மேலிருந்து 1600-ஆவது வரிசையில் சந்தித்தன. பாட்டி தரையைத் தொடும் இடம் 3270-ஆவது வரிசை. அங்கே மதிப்பு 128 வர வேண்டும். 1600-இல் 0, 3270-இல் 128 என்றால் படத்தின் அடிவிளிம்பான 4000-இல் 184 வரும். ஆக 1600-ஆம் வரிசையில் கறுப்பு, 4000-ஆம் வரிசையில் 184 சாம்பல் என்று ஒரே இழுப்பு. திண்ணைத் தரை முடிந்தது. உள்சுவருக்கு அதே சந்திப்புப் புள்ளியிலிருந்து படத்தின் பக்கவிளிம்பு நோக்கிக் கிடைமட்டமாக இன்னொரு கிரேடியன்ட். சுவரும் தரையும் சேரும் கோட்டில் இரண்டு பக்கத்து மதிப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஐட்ராப்பரால் தொட்டுப் பார்த்தால், வரைந்தது சரியா என்பது தெரிந்துவிடும்.

தெரு, திண்ணையைவிடத் தாழ்ந்தது. காமிரா திண்ணைத் தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரம், தெருவிலிருந்து சுமார் 1.4 மீட்டர். தாழ்ந்த தரைக்கு அதே வரிசையில் மதிப்பு அந்த விகிதத்தில் குறையும். தெருவுக்கு அடிவிளிம்பில் 184 இல்லை, 79. திண்ணைக்குப் போட்ட கிரேடியன்ட்டையே தெருவுக்கும் ஓட்டிவிட்டால், தெருவில் நிற்கும் பைக் பாட்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் தெளிவாகிவிடும். முதல் முயற்சியில் எனக்கு நடந்தது இதுதான்.

நிமிர்ந்து நிற்கும் பொருள்களுக்கு விதி இன்னும் எளிது. தூண் தரையைத் தொடும் இடத்தில் கிரேடியன்ட்டின் மதிப்பை எடுத்து, தூண் முழுவதையும் அந்த ஒரே சாம்பலால் நிரப்ப வேண்டும். பைக்குக்கு டயர் தரையைத் தொடும் இடம். பை தொங்குவது இரண்டாம் தூணில், ஆகவே அதற்குத் தூணின் மதிப்பு. இவ்வளவுதான் மேப். முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பெரும்பகுதி தூண்களின் ஓரத்தைப் பாதைக் கருவியால் பிடிப்பதிலேயே போனது.

வேறு இடத்திலிருந்து கிடைத்த மேப்பை எடுத்தால் ஒன்றை முதலில் சோதிக்க வேண்டும்: அது தூரத்தைச் சொல்கிறதா, தூரத்தின் தலைகீழைச் சொல்கிறதா. 3டி மென்பொருள் தரும் Z பாஸ் பெரும்பாலும் நேர்த் தூரம்தான். அதை 2 மீட்டருக்குக் கறுப்பு, 30 மீட்டருக்கு வெள்ளை என்று நேராகச் சுருக்கி மங்கல் ஃபில்டருக்குக் கொடுத்தால், 3 மீட்டர் தூணுக்கு 26 பிக்சலுக்குப் பதில் 3 பிக்சல்கூடக் கிடைக்காது. 6 மீட்டர் தூணுக்கு 53-க்குப் பதில் 11. தூண்கள் எல்லாம் தெளிவாக நிற்க, மரம் மட்டும் கரைந்துபோயிருக்கும். பார்த்தே கண்டுபிடிக்கலாம்: ஆளுக்குப் பக்கத்துத் தரை வெகுதூரம் தெளிவாக இருந்து, பின்னால் போனதும் திடீரென்று மங்கினால் மேப் நேர்த் தூரத்தில் இருக்கிறது. 2 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் இடையே உள்ள சாம்பல் வித்தியாசம், 10-க்கும் 20-க்கும் இடையே உள்ளதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் சரியான மேப்.

இப்போது எந்த ஃபில்டர்? ஃபோட்டோஷாப்பின் `Lens Blur` டெப்த் மேப்பை நேரடியாக வாங்கிக்கொள்ளும். மேப்பை ஆல்ஃபா சேனலில் வைத்து, `Blur Focal Distance`-இல் பாட்டியின் மதிப்பான 128-ஐக் கொடுத்தால், அந்த மதிப்பு தெளிவாக இருந்து இரண்டு பக்கமும் மங்கும். ஃபோக்கஸை அங்கே இங்கே நகர்த்திப் பார்ப்பதற்கு இதுவே வசதி. இலவசமான ஜிம்ப்பில் `Filters > Blur > Lens Blur` இருக்கிறது, ஆனால் அது கேட்பது டெப்த் மேப் அல்ல, மங்கல் மேப். கறுப்பு என்றால் தொடாதே, வெள்ளை என்றால் முழு அளவு மங்கலாக்கு. நம் மேப்பை அப்படியே கொடுத்தால் படத்தின் அடிவிளிம்பு மிக மங்கலாகவும் வேப்பமரம் தெளிவாகவும் வரும், தலைகீழ். மாற்றுவதற்கு ஒரு சுலபமான உபாயம்: மேப்பின்மேல் 128 சாம்பல் நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து அதன் முறையை `Difference` ஆக்குங்கள். பாட்டியின் தூரம் கறுப்பாகும், முன்னாலும் பின்னாலும் விலக விலக வெளுக்கும். அப்புறம் `Levels`-இல் வெள்ளைப் புள்ளியை 128-க்குக் கொண்டுவந்தால், முடிவில்லாத் தூரம் முழு வெள்ளை. ஃபில்டரின் ஆரத்துக்கு 79-இல் பாதி, 40.

அதே `Levels`-இல் இன்னொரு வேலையும் முடித்துவிடலாம். நிஜமான f/1.8 லென்ஸ், 1.7 மீட்டரில் இருக்கும் பாட்டியின் முழங்காலையும் 14 பிக்சல் மங்கலாக்கியிருக்கும். சட்டம் போட்டு மாட்டும் படத்தில் குடும்பத்தார் யாரும் அதை விரும்ப மாட்டார்கள். முழங்காலைத் தெளிவாக வைத்து அதையொட்டிய தரையை மட்டும் மங்கலாக்கினால் மறுபடி வெட்டி ஒட்டிய தோற்றம். கறுப்புப் புள்ளியை 0-விலிருந்து 12-க்கு ஏற்றினேன். 1.8 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரை ஆளும் தரையும் சேர்ந்து தெளிவாயின, முழங்காலின் மங்கல் பாதியாகக் குறைந்தது. முதல் தூண் 26-லிருந்து 21-க்கு இறங்கியது, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஜிம்ப்பிலேயே `Variable Blur` என்று இன்னொன்றும் உண்டு. அது காஸியன் முறையில் மங்கலாக்கும், வேகமாகவும் முடியும். இலைகளுக்கிடையே வெளிச்சப் புள்ளிகளோ விளக்குகளோ இல்லாத படத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நம் வேப்பமரத்தில் இலையிடுக்கு வழியாக வானம் தெரிகிறது. லென்ஸில் அது வட்டவட்டமாக ஓரம் தெரியும் தட்டுகளாக விழும், காஸியனில் பஞ்சாகக் கரைந்துவிடும். அந்த வட்டங்களுக்காகவே `Lens Blur` பக்கம் நின்றேன். இரண்டையும் ஒப்பிடும்போது அளவு எண்ணை அப்படியே மாற்றிப் போடாதீர்கள். 40 பிக்சல் ஆரமுள்ள வட்டத்துக்கு இணையான காஸியன் திட்ட விலக்கம் 20தான். இன்னொன்று, போன் படத்தில் வானம் ஏற்கெனவே 255-இல் முட்டி நிற்கிறது. நிஜத்தில் அது இலையைவிடப் பல மடங்கு பிரகாசம்; படத்தில் அந்த மிச்சம் இல்லாததால், விரித்ததும் வட்டங்கள் சாம்பலாகச் சோர்ந்துவிடும். இதற்காகத்தான் இரண்டு மென்பொருள்களிலும் பிரகாசப் பகுதியைத் தூக்கிவிடும் ஸ்லைடர்கள் இருக்கின்றன. வானத்தை மட்டும் பிடிக்கும்படி வரம்பை உயரத்தில் வைத்துக் கொஞ்சமாகத் தூக்குங்கள். வரம்பு தாழ்ந்தால் பாட்டியின் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரும் சேர்ந்து எரியும்.

பிளெண்டரின் `Defocus` நோடையும் முயன்றேன். 3டி காட்சி கையில் இருந்தால், f எண்ணையே நேராகக் கொடுக்கலாம் என்பதால் அது நல்ல வழி. ஒரு போட்டோவுக்காக அதைத் திறப்பது சுற்றிவளைத்துப் போவது.

மேப் சரி, ஃபில்டர் சரி. ஆனாலும் என் முதல் பிரிண்ட் வீணானது. திரையில் நன்றாக இருந்த படம், 18 அங்குலத் தாளில் பாட்டியின் தோளைச் சுற்றி 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு நீலநிறப் புகைக்கோட்டோடு வந்தது. நீலம் அவர் புடவையின் நிறம். காரணம் இதுதான்: தோளையொட்டிய பின்புலப் புள்ளியை மங்கலாக்கும்போது ஃபில்டர் சுற்றியுள்ள புள்ளிகளின் நிறத்தை எடுத்துக் கலக்கிறது, அந்தச் சுற்றில் புடவையும் விழுகிறது. நிஜ லென்ஸில் தெளிவான ஆளின் நிறம் பின்னால் கசியாது. எந்த மென்பொருளானாலும் ஒற்றைப் படத்தை ஒரே மூச்சில் மங்கலாக்கினால் இந்தக் கசிவுக்கு இடமுண்டு.

இதற்கு ஒரே வைத்தியம், மூன்றாம் வழியிலிருந்து கொஞ்சம் கடன் வாங்குவது. பாட்டியைத் தனி லேயராக எடுத்து வைத்துக்கொண்டு, கீழ்ப் படத்தில் அவர் இருந்த இடத்தைக் குளோன் கருவியால் தூணும் தரையுமாக நிரப்பினேன். அழகாக நிரப்ப வேண்டியதில்லை, ஓரத்திலிருந்து 50 பிக்சல் உள்ளே வரை நம்பும்படி இருந்தால் போதும்; மீதி அவருக்குப் பின்னால் மறைந்துவிடும். இங்கே பலர் மறப்பது, மேப்பிலும் அதே இடத்தை நிரப்ப வேண்டும் என்பதை. மேப்பில் பாட்டியின் 128 அப்படியே இருந்தால், அவர் உருவத்தின் அளவுக்குப் பின்புலம் மங்காமல் நிற்கும், ஓரத்தில் ஒரு தெளிவான விளிம்பு எட்டிப்பார்க்கும். நிரப்பிய தூணுக்குத் தூணின் மதிப்பு, தரைக்கு கிரேடியன்ட். பிறகு பின்புலத்தை மங்கலாக்கி, பாட்டியை மேலே வைத்தேன். தோளோரக் கோடு போய்விட்டது. பாட்டி தரையைத் தொடும் இடத்தில் மாஸ்க்கைக் கூர்மையாக விடாமல் அவரைச் சுற்றிய நிழலையும் சேர்த்து விட்டேன். அங்கே தரையும் தெளிவு என்பதால் ஒட்டு தெரியவில்லை.

வெட்டும்போது இரண்டு இடங்களில் நேரம் செலவழித்தேன். பாட்டி கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறார். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி, அதன் வழியாக முதல் தூணின் அடிப்பாகம் தெரிகிறது. அந்த ஓட்டையை விட்டுவிட்டால் பாட்டியின் கைக்குள் மட்டும் கூர்மையான தூண் துண்டு ஒன்று நிற்கும், பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும். அடுத்தது காதோர நரைமுடி. பத்துப் பன்னிரண்டு வெள்ளை இழைகள் கறுத்த தூணின்மேல் பறக்கின்றன. ஒரு இழையின் அகலம் இரண்டு பிக்சல், அந்தப் பிக்சலிலேயே பாதி முடி, பாதி தூண். டெப்த் மேப் ஒரு பிக்சலுக்கு ஒரு தூரத்தைத்தான் சொல்ல முடியும், ஆகவே முடி, கொசுவலை, கம்பி ஜன்னல் எல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. மேப்பில் தலையின் வடிவை மட்டும் வைத்து, இழைகளை மாஸ்க்கில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக வரைந்து மீட்டேன். நாலு இழை விட்டுப்போனது. விட்டுப்போன இழை நிரப்பிய பின்புலத்தில் இல்லாததால் சுத்தமாக மறைந்துவிட்டது, அதனால் குறையாகத் தெரியவில்லை.

கடைசியாக, மங்கலாக்கிய இடமெல்லாம் போன் படத்துக்கே உரிய மணல்மணலான நாய்ஸை இழந்து, மெழுகுபோல் வழவழப்பாகிவிடும். பாட்டியின் முகத்தில் நாய்ஸ் இருக்க, பின்னால் இல்லையென்றால் இரண்டும் இரண்டு படம் என்று கண் சொல்லிவிடும். பின்புல லேயருக்கு மட்டும், முகத்தின் நிழல் பகுதியோடு ஒப்பிட்டு அதே அளவு நாய்ஸ் சேர்த்தேன்.

இரண்டாவது பிரிண்ட் போன வாரம் வந்தது. அத்தை அதைக் கையில் வாங்கி, விரலால் திண்ணைத் தரையைப் பாட்டியின் காலிலிருந்து தூண் வரைக்கும் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் பை எங்கே போனது என்று கேட்டார். இரண்டாம் தூணில்தான் இருக்கிறது, 40 பிக்சல் விரிந்து தூணோடு கலந்துவிட்டது.